மழைநீர்த் தாங்கிப் படத்தைக் கடைசியிலிருந்து வாசியுங்கள்

மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் அக்காவின் வீட்டுக்கு மழைநீர்த் தாங்கி கட்டுவதற்கென்று ஒருவர் வரைந்து கொடுத்த படம் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. கூரை, பீலி, குழாய், வடிகட்டி, தாங்கி, எல்லாவற்றுக்கும் நீல அம்புக்குறிகள். அம்புகள் எல்லாம் ஒழுங்காகக் கீழ்நோக்கி இறங்கின. மேசன் அண்ணன் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "தம்பி, தண்ணீர் அம்பைப் பார்த்து ஓடாது, மட்டத்தைப் பார்த்துத்தான் ஓடும்" என்றார். அந்த வார்த்தையால்தான் படத்தை மறுபடி எடுத்து எண்களோடு உட்கார்ந்தேன். அப்படியே கட்டியிருந்தால் ஒரு சொட்டு நீரும் தாங்கிக்குள் போயிருக்காது. அந்தப் படத்தையே உதாரணமாக வைத்து, முதன்முறை இப்படி ஒரு படத்தைக் கையில் எடுப்பவர் அதை எந்த ஒழுங்கில் வாசிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

வழக்கமாக எல்லோரும் கூரையிலிருந்து தொடங்கி நீரோடு கீழே வருவார்கள். நான் தலைகீழாக, மிகைநீர்க் குழாயிலிருந்து தொடங்கச் சொல்வேன். மேசன்மார் ஓவர்புளோ என்று சொல்வது இதைத்தான். மட்டக்களப்பில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 1650 மில்லிமீற்றர். அதில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களுக்குள் கொட்டிவிடுகிறது. மாரியின் தொடக்கத்திலேயே தாங்கி நிரம்பிவிடும். அதன் பிறகு வரும் நீர் முழுவதும் அந்த ஒரு குழாயால்தான் வெளியேற வேண்டும். படத்தில் மூலையில் சின்னதாக வரையப்பட்டிருக்கும் அந்தக் குழாய்தான் ஊரில் அதிக வேலை செய்யப்போகிறது.

படத்தின் மொழி

தாளில் பெரும்பாலும் இரண்டு பார்வைகள் இருக்கும். ஒன்று காகம் மேலிருந்து பார்ப்பதுபோன்ற தளப்படம். மற்றது பலாப்பழத்தை நடுவே வெட்டிப் பார்ப்பதுபோன்ற வெட்டுமுகம். எது எந்தப் பக்கம், கிணறு எங்கே, மலசலகூடக் குழி எங்கே, தெரு எங்கே என்பதைத் தளப்படம் சொல்லும். எது எவ்வளவு உயரத்தில் என்பதை வெட்டுமுகம் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடர்கோடு கண்ணுக்குத் தெரியும் பொருள். விட்டுவிட்டு வரும் கோடு மண்ணுக்குள்ளோ சுவருக்குப் பின்னாலோ மறைந்திருப்பது. குழாயின் பக்கத்தில் வட்டத்தைக் குறுக்கே வெட்டிய குறியும் ஓர் எண்ணும் இருந்தால் அது குழாயின் விட்டம், மில்லிமீற்றரில். சிறிய முக்கோணம் ஒன்று தலைகீழாக ஒரு கோட்டில் நிற்க, அதன் மேல் +2.300 என்பதுபோல் எழுதியிருந்தால் அது மட்டம். வளவின் நிலமட்டத்தைச் சுழியமாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து எத்தனை மீற்றர் மேலே என்று அது சொல்கிறது. ஜி.எல். என்று போட்டிருந்தால் நிலமட்டம். ஐ.எல். என்று போட்டிருந்தால் குழாயின் உள் அடிப்பகுதியின் மட்டம். நீர் உண்மையில் ஓடும் மட்டம் அதுதான்.

தாளின் மூலையில் "அளவுத்திட்டத்துக்கு வரையப்படவில்லை" என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். இருந்தால் கண்ணை நம்பக் கூடாது, எண்ணை மட்டும் நம்ப வேண்டும். தாளில் தாங்கி பீலிக்குக் கீழே இருப்பதுபோல் தெரியும். எண்கள் வேறு கதை சொல்லும்.

மட்டங்களை ஏறுவரிசையில் எழுதுங்கள்

ஒரு துண்டுத் தாளை எடுத்து மிகைநீர்க் குழாயின் மட்டத்தைக் கீழே எழுதுங்கள். பிறகு நீர் வந்த வழியே பின்னோக்கிப் போய், தாங்கிக்குள் நீர் நுழையும் இடம், வடிகட்டியின் வெளிவாய், வடிகட்டியின் உள்வாய், பீலியின் தாழ்ந்த முனை என்று ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு எண்ணும் அதற்குக் கீழே உள்ளதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எங்கே சிறிதாகிறதோ அங்கே நீர் நின்றுவிடும்.

அக்காவின் படத்தில் தாங்கி 1.8 மீற்றர் உள்விட்டம் கொண்ட உருளை. தளம் +0.30. மிகைநீர்க் குழாய் +2.30. ஆக நீரின் ஆழம் 2 மீற்றர், கொள்ளளவு ஏறக்குறைய 5,000 லீற்றர். இலங்கையில் ஊர்ப்புறங்களில் கட்டப்பட்ட பூசணி வடிவத் தாங்கிகளும் இதே கொள்ளளவுதான், அதனால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. நீர் நுழையும் குழாய் +2.45. மிகைநீர்க் குழாயைவிட 15 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தது, அது சரி. வடிகட்டிப் பெட்டியின் உள்வாய்க்கும் வெளிவாய்க்கும் இடையே 50 சென்ரிமீற்றர் இறக்கம். ஆகவே அதன் வெளிவாய் +2.45இல் இருந்தால் உள்வாய் +2.95இல் இருக்க வேண்டும். பீலியின் தாழ்ந்த முனை +2.55 என்று படமே சொல்கிறது.

நாற்பது சென்ரிமீற்றர் போதவில்லை. நீர் பீலியிலிருந்து வடிகட்டிக்கு ஏற வேண்டும். அம்பு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

இது அபூர்வமான பிழை அல்ல. மாடி வீட்டுக்கு வரைந்த படத்தைத் தாழ்ந்த கூரை உள்ள வீட்டுக்கு நகல் எடுத்தால் இப்படித்தான் ஆகும். நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் 2007இல் திருத்தப்பட்ட பிறகு கட்டட அனுமதிக்கான படங்களோடு மழைநீர்ப் படமும் சேர்ந்து வரத் தொடங்கியது. சேர்க்க வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்படும் படத்தில் யார் எண்களைக் கூட்டிப் பார்க்கிறார்கள்? அக்காவிடம் வந்தது அப்படியொன்றாகத்தான் இருக்க வேண்டும்.

தீர்வு, தாங்கியைக் குட்டையாக்கி அகலப்படுத்துவது. உள்விட்டம் 2.4 மீற்றர், நீரின் ஆழம் 1.15 மீற்றர் என்றால் கொள்ளளவு 5,200 லீற்றர். தளம் அதே +0.30, மிகைநீர் +1.45, உள்வரும் குழாய் +1.60. வடிகட்டியின் உள்வாயை +2.45இல் வைத்தால் வெளிவாய் +1.95. இப்போது கீழிருந்து மேலே படியுங்கள்: 1.45, 1.60, 1.95, 2.45, 2.55. ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிது. வளவில் இடம் கொஞ்சம் கூடுதலாகப் போயிற்று, அக்கா ஒரு செவ்வரத்தையைப் பிடுங்க வேண்டி வந்தது. இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

மட்டங்களை எழுதும்போதே பீலியையும் ஒரு கணம் பார்த்துவிடுங்கள். மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு வேண்டும். 9.2 மீற்றர் நீளப் பீலியின் ஒரு முனை மற்றதைவிட ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும். படத்தில் இரு முனைக்கும் ஒரே எண் என்றால் பீலியில் நீர் தேங்கும், நுளம்பு முட்டையிடும்.

எவ்வளவு நீர் வரும்

தளப்படத்தில் கூரை 9.2 × 7.2 என்று எழுதியிருந்தது. வீடு எட்டுக்கு ஆறு மீற்றர். நாலு பக்கமும் 60 சென்ரிமீற்றர் தாழ்வாரம் நீண்டிருக்கிறது. மழை செங்குத்தாக விழுகிறது என்று கொள்வதால், மேலிருந்து பார்த்த இந்த அளவுதான் வேண்டியது. ஓட்டின் மேல் அளநாடாவைப் போட்டுச் சரிவை அளக்க வேண்டாம். அது எண்ணைப் பொய்யாகப் பெருக்கும்.

அடுத்து, பீலியைக் குறிக்கும் இரட்டைக்கோடு எத்தனை பக்கம் போகிறது என்று பாருங்கள். இந்தப் படத்தில் ஒரு பக்கம் மட்டும். முகடு நீளவாக்கில் போவதால் பாதிக் கூரையின் நீர்தான் வருகிறது: 9.2 × 3.6, அதாவது 33 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர். ஓட்டுக்கூரை கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சம் தெறிக்கும். ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். ஆக மழைமானியில் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் தாங்கிக்கு 26 லீற்றர். தாங்கி நிரம்ப 200 மில்லிமீற்றர் மழை போதும்.

மூன்று மாதத்தில் 900 மில்லிமீற்றர் பெய்கிறது என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் 23,400 லீற்றர் வரும். தாங்கி பிடிப்பது 5,200. மீதி 18,000 லீற்றருக்கு மேல் மிகைநீர்க் குழாயால் போகும். மாரியில் கிணற்று நீரே நன்றாக இருப்பதால் வீட்டில் யாரும் தாங்கியைத் தொடப்போவதும் இல்லை. "அப்படியானால் மற்றப் பக்கத்துக்கும் பீலி போடுவோமா?" என்று அக்கா கேட்டார். பாதிக் கூரையே தாங்கியை நாலு தடவை நிரப்பும்போது மற்றப் பாதிக்குச் செலவழிப்பதில் பயனில்லை. அந்தக் காசைத் தாங்கிக்குப் போடுவதுதான் இந்தக் கரைக்குப் பொருந்தும்.

சேமித்த நீர் எத்தனை நாளுக்கு என்பதையும் இதே இடத்தில் பார்த்துவிடலாம். தண்ணீர் எடுக்கும் குழாய் தாங்கியின் தளத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே நிற்பது மண்டி, கணக்கில் சேராது. அது 680 லீற்றர். மீதி 4,500 லீற்றரை நாலு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் என்று எடுத்தால் 225 நாள். பெப்ரவரி நடுவில் தொடங்கினால் செப்டம்பர் கடைசி வரை வரும், அடுத்த மாரி கண்ணுக்குத் தெரியும்வரை. குளிக்கவும் துவைக்கவும் எடுத்தால் அதே நீர் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும். படத்தில் தாங்கியிலிருந்து குளியலறைக்கு ஒரு குழாய் போனால் அதைச் சிவப்பு மையால் வெட்டிவிடுங்கள்.

முதல்நீரும் வடிகட்டியும்

பீலியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு கிளை நேரே நிலத்தை நோக்கி இறங்கி, அடியில் மூடியோடு முடிந்திருந்தால் அது முதல்நீரைப் பிடித்து ஒதுக்கும் குழாய். ஆறு மாதம் கச்சான் காற்று கொண்டுவந்து போட்ட தூசி, காக எச்சம், தென்னம்பாளைச் செதில், கடலோரத்தில் உப்பும் சேர்ந்து முதல் மழையில் கழுவப்பட்டு வரும். அது இந்தக் குழாயை நிரப்பிய பிறகுதான் அடுத்த நீர் வடிகட்டிக்குத் திரும்பும்.

படத்தில் பார்க்க வேண்டியது அதன் நீளம். 110 மில்லிமீற்றர் குழாய் மீற்றருக்கு எட்டரை லீற்றர் பிடிக்கும். கூரையில் விழும் முதல் அரை மில்லிமீற்றர் மழையையாவது கழிக்க வேண்டும். 33 சதுர மீற்றருக்கு அது 16 லீற்றருக்கு மேல். ஆகவே இரண்டு மீற்றர் நீளம் குறைந்தபட்சம். அக்காவின் படத்தில் கிளை +2.45இல் தொடங்கி +0.10இல் முடிந்தது. 2.35 மீற்றர், 20 லீற்றர். தாராளம். பல படங்களில் அரை மீற்றர் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். அது நாலு லீற்றர்தான் பிடிக்கும், பெயருக்கு ஒரு குழாய்.

அடி மூடியில் ஒரு சிறு துளை குறிக்கப்பட்டிருக்க வேண்டும். துளை இல்லையென்றால் முதல் மழைக்கு நிரம்பிய குழாய் நிரம்பியபடியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு நேரே வடிகட்டிக்குப் போகும். 2 மில்லிமீற்றர் துளை அந்த 20 லீற்றரை மழை விட்டபின் ஏறக்குறைய ஒரு மணிநேரத்தில் வடித்துவிடும். அதைவிடச் சிறியது அடைத்துக்கொள்ளும். மூடி திருகிக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். பசை போட்டு ஒட்டிவிட்டால் உள்ளே சேரும் சேற்றை எடுக்க வழியில்லை.

வடிகட்டியில் சிறு வட்டங்கள் சல்லி, புள்ளிகள் மணல், கறுப்பு அடை சிரட்டைக்கரி. மேலே மணல், நடுவே கரி, கீழே சிறு சல்லி, அடியில் பெரிய சல்லி, வெளிவாய் அந்தப் பெரிய சல்லிக்குள் என்று இருக்கிறதா என்று பாருங்கள். புதியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். பெரியதை முதலில் பிடித்துப் பிறகு சிறியதைப் பிடிப்பதுதானே ஒழுங்கு என்பார்கள். ஆனால் மணலை அடியில் போட்டால் அது வெளிவாயோடு தாங்கிக்குள் போய்விடும். கீழே உள்ள கல் மேலே உள்ள மணலைத் தாங்கி நிற்கிறது. இலையும் சருகும் இங்கே வரவே கூடாது. அவற்றைப் பீலி வாயில் உள்ள வலை பிடித்துவிட வேண்டும்.

வடிகட்டி எவ்வளவு வேகத்தில் விடும் என்பதைப் படம் சொல்லாது. நீங்கள் கேட்க வேண்டும். மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் ஒரு கொட்டு கொட்டினால் இந்தக் கூரையிலிருந்து விநாடிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் வரும், பத்து விநாடிக்கு ஒரு வாளி. மணல் என்று மட்டும் எழுதியிருந்தால் வேலையாட்கள் கடற்கரையிலிருந்து பொடிமணலை அள்ளிவந்து போட்டுவிடுவார்கள். அந்த மணல் அவ்வளவு வேகத்தில் நீரை விடாது. பெட்டி பொங்கிச் சுவரில் வழியும், உப்பும் சேர்ந்து வரும். படத்தில் "கழுவிய பருக்கை ஆற்றுமணல்" என்று கையால் எழுதிச் சேருங்கள். இப்படி வடிந்த நீரையும் குடிப்பதற்குக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். மணலும் கரியும் கிருமியை நம்பும்படி நிறுத்துவதில்லை.

தாங்கியின் வாய்கள்

வெட்டுமுகத்தில் தாங்கியின் சுவரில் எத்தனை ஓட்டை என்று எண்ணுங்கள். நீர் வரும் வாய், மிகைநீர் வாய், தண்ணீர் எடுக்கும் வாய், மண்டியைக் கழுவிவிடத் தளத்தோடு ஒட்டிய வாய், ஆள் இறங்கும் மூடி. கழுவுவாயைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். அது இல்லாத தாங்கியை ஒவ்வொரு ஆண்டும் வாளியால் இறைத்துக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

மிகைநீர்க் குழாயின் விட்டத்தையும் உள்வரும் குழாயின் விட்டத்தையும் ஒப்பிடுங்கள். அக்காவின் படத்தில் உள்வருவது 90, மிகைநீர் 32. விநாடிக்கு ஒரு லீற்றர் வரும்போது 32 குழாய் அதில் முக்கால் பங்குகூட விடாது. நீர் ஏறி உள்வாயை எட்டி, வடிகட்டிக்குத் திரும்பும். இல்லையென்றால் மூடியின் விளிம்பால் வழியும். வெளியேறும் குழாய் உள்வரும் குழாயைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. இரண்டையும் 90 ஆக்கினோம். நுளம்பு வலை மிகைநீர்க் குழாயின் வெளிமுனையில், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். தாங்கிக்குள் இருக்கும் முனையில் வலை கட்டினால் அது அடைபட்டதை டிசம்பர் இரவில்தான் தெரிந்துகொள்வீர்கள்.

மிகைநீர் எங்கே போகிறது

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருகிறோம். மிகைநீர்க் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே தாளின் கடைசிவரை போங்கள். பல படங்களில் அந்தக் கோடு தாங்கியைவிட்டு ஒரு சாண் நகர்ந்து ஓர் அம்போடு முடிந்துவிடும். அந்த அம்பு எதன்மேல் விழுகிறது? தாங்கியின் அடித்தளத்தில். கல்லடி மண் முழுக்க மணல். நூறு மில்லிமீற்றர் பெய்யும் நாளில் 2,600 லீற்றர் ஒரே இடத்தில் கொட்டினால் அடித்தளத்தின் கீழிருந்து மணல் கழுவப்படும். எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு தாங்கி ஒரு பக்கம் இறங்கி, சீமெந்துச் சுவரில் மயிர்போல் ஒரு வெடிப்பு விழுந்தது. வெடிப்பு மேலிருந்து கீழாகச் சாய்ந்து போனால் அது அடித்தளம் இறங்கியதன் அடையாளம். பூச்சு சரியில்லாததால் வரும் வெடிப்பு சிலந்தி வலைபோல் எல்லாத் திசையிலும் இருக்கும்.

அக்காவின் படத்தில் விட்டுவிட்டு வரும் கோடு ஒன்று கிணற்றுப் பக்கம் போய், ஒரு மீற்றர் ஆழமான கல் நிரப்பிய கிடங்கில் முடிந்தது. மிகைநீரை மண்ணுக்குள் விட்டால் கிணற்று நீர் இனிக்கும் என்பது எண்ணம். எண்ணம் நல்லது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்த மணல்திட்டில் நல்ல நீர் என்பது கீழே இருக்கும் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய அடை. 2004 டிசம்பரில் சுனாமி நீர் புகுந்த கிணறுகள் உப்பாகிப்போனது எல்லோருக்கும் தெரியும். மழை நீர் மேலிருந்து இறங்குவது அந்த அடைக்கு நல்லது.

ஆனால் படம் எந்த மாதத்துக்கு வரையப்பட்டது என்று கேட்க வேண்டும். ஓகஸ்டில் தோண்டினால் கிடங்கு உலர்ந்திருக்கும். டிசம்பரில் அக்காவின் கிணற்றில் நிலமட்டத்திலிருந்து 40 சென்ரிமீற்றர் கீழே நீர் நிற்கிறது. அப்போது ஒரு மீற்றர் கிடங்கின் அடி 60 சென்ரிமீற்றர் ஏற்கெனவே நீருக்குள். மேலே மிஞ்சும் இடம் முக்கால்வாசி கல். கல்லிடுக்கில் பிடிப்பது 150 லீற்றர் அளவு. ஒரு நாள் மழைக்கு வரும் 2,600 லீற்றருக்கு அது எம்மாத்திரம்? கிடங்கு நிரம்பிக் குழாய் எதிர்த்து நிற்கும்.

எனவே தளப்படத்தை எடுத்து, கிணற்றின் பக்கத்தில் டிசம்பர் நீர்மட்டத்தைப் பென்சிலால் எழுதுங்கள். அதோடு 2011 ஜனவரி வெள்ளம் வீட்டுச் சுவரில் எதுவரை நின்றது என்பதையும் எழுதுங்கள்; வீட்டில் பெரியவர்கள் கைவைத்துக் காட்டுவார்கள். எந்தக் கிடங்கின் அடியும் முதல் எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. மிகைநீர்க் குழாய் தாங்கியைவிட்டு வெளியேறும் இடம் இரண்டாவது எண்ணுக்குக் கீழே இருக்கக் கூடாது. இருந்தால் வெள்ளம் அந்தக் குழாய் வழியே தாங்கிக்குள் வரும். நிலத்துக்குள் புதைக்கும் தாங்கி என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெறுமையான 5,000 லீற்றர் தாங்கி நிலத்தடி நீரில் முழுக மூழ்கினால் ஐந்து தொன் எடையைத் தூக்கும் விசையோடு மேலெழும்பப் பார்க்கும். இந்தக் கரையில் புதைக்கும் தாங்கியின் படம் வந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நாங்கள் கிடங்கை விட்டுவிட்டு, தாங்கியிலிருந்து நாலு மீற்றர் தள்ளி, கிணற்றுக்குப் பக்கமாக, மலசலகூடக் குழிக்கு எதிர்ப்புறத்தில், மூன்றுக்கு இரண்டு மீற்றர் அளவில் 25 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு பாத்தி வெட்டினோம். கல் இல்லை, வெறும் பள்ளம், சுற்றிவர வாழை. 1,500 லீற்றர் பிடிக்கும், அதற்குள்ளேயே மணல் குடித்துக்கொண்டும் இருக்கும். பாத்தியின் ஒழுங்கைப் பக்க வரம்பை மற்ற மூன்று பக்கத்தைவிட ஐந்து விரல் தாழ்த்தி வைத்தோம். பாத்தி நிரம்பினால் நீர் ஒழுங்கையின் வாய்க்காலுக்குப் போகும், வீட்டுக்கு வராது.

படுவான்கரைப் பக்கம், அல்லது அம்பாறையில் வயலை ஒட்டிய களிமண் வளவுகளில் இதை அப்படியே செய்யாதீர்கள். அங்கே மண் குடிக்காது. பாத்தி நாள்கணக்கில் குளமாக நின்று நுளம்பு வளர்க்கும். மிகைநீர்க் கோடு நேரே வாய்க்காலுக்கோ தாழ்ந்த வயலுக்கோ போக வேண்டும். மண் எது என்று தெரியாவிட்டால் ஒரு முழ ஆழத்தில் குழி தோண்டி இரண்டு வாளி நீர் ஊற்றுங்கள். நீங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் போய்விட்டால் மணல். அடுத்த நாள் காலையிலும் நின்றால் படத்தை மாற்ற வேண்டும்.

திருத்திய படத்தை அக்கா சமையலறை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். கிணற்றின் பக்கத்தில் ஒவ்வொரு டிசம்பரும் நான் போய் நீர்மட்டத்தை எழுதுகிறேன். முதல் ஆண்டு 40. போன மாரியில் 35. இப்படியே ஏறினால் பாத்தியின் அடியை ஒரு மண்வெட்டி உயரம் தூர்க்க வேண்டியிருக்கும். வாழை குலை தள்ளியிருக்கிறது, வெட்டும்வரை பொறு என்கிறார் அக்கா.